கண்ணாடிக் கடைச் சீட்டு

எண்பதுகளின் கடைசியில் நான் அரியலூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. அந்த வட்டாரத்தில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அதில் ஒருவர் சிமெண்ட் ஆலை கெமிஸ்ட். மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி பெரம்பலூர் பஸ்ஸில் வந்தார். அங்கே பள்ளிக்கூட டீச்சர். வெயிலில் சுண்ணாம்புத் தூசி மிதந்தது. வாசலில் நின்றவர் பாதி கரைந்த மாதிரி தெரிந்தார்.

"ஒரு கார்டுக்கு மூணு கணக்கு வருது சார். எது நிஜம்?"

ஸ்டேட்மெண்டில் பாக்கி 1,840. கட்ட வேண்டிய மொத்தத் தொகை 1,520. சென்னை கார்டு பிரிவிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த கடிதத்தில் இதுவரையான நிலுவை 2,250.

"மூணும் நிஜந்தான் டீச்சர். அஞ்சாம் தேதி கணக்கு முடிச்சப்ப இருந்தது 1,840. அதுல ஒரு ஓட்டல் பில் 320 ரூபா ரெண்டு தடவை ஏறியிருக்கு. கெமிஸ்ட் சார் முன்னாடியே புகார் எழுதியிருந்தாரு. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த 320 கட்ட வேணாம். அதான் 1,520."

"அப்ப 2,250?"

"அஞ்சாம் தேதிக்கு அப்புறம் வந்தது 410. அதையும் சேர்த்தா இன்னைக்கு வரைக்கும் உள்ளது. அது அடுத்த ஸ்டேட்மெண்ட்லதான் வரும்."

"அவரு பதினாலாம் தேதி போயிட்டாரு சார்."

"அதுக்கு முன்னாடி கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்ட சீட்டுதாங்க. கடையிலேர்ந்து தபால்ல மெதுவா வந்து சேருது."

அவர் கடிதத்தை மடித்தார். "அப்ப இன்னும் எங்கேயோ நடந்துக்கிட்டுதான் இருக்காரு" என்றார், யாரிடமோ சொல்வது போல.

கெடுவுக்குள் 1,520 கட்டினார். நான் அந்த 410-க்கான சீட்டின் நகல் கேட்டு எழுதினேன். பத்து நாளில் வந்தது. திருச்சியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை, எட்டாம் தேதி, கார்பனில் மங்கலாய் அவர் கையெழுத்து. டீச்சர் அதை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடி வீட்டுக்கு வரவே இல்லையாம்.

மறு சனிக்கிழமை அவரே திருச்சிக்குப் போனார். கண்ணாடி தயாராகி, யாரும் வாங்க வராமல், பெயர் எழுதிய உறையில் இருந்ததாம்.

அதற்குள் ஓட்டல்காரர்கள் தவறை ஒப்புக்கொண்டு 320-ஐத் திருப்பிவிட்டார்கள். மிச்சம் அந்த 410 மட்டும். அதைக் கட்டிக் கணக்கை மூட வந்த அன்று, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் தண்ணிக்குள்ள இருக்க மாதிரி ஆடுது சார்" என்று சிரித்தார். நான் கார்டைக் கத்தரித்துக் கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ரசீதை வாங்கிக்கொண்டு, படியைத் துழாவித் துழாவி இறங்கிப் போனார்.