சகலை முடித்த கடன்

மாமனாருக்கு இதய அறுவை சிகிச்சை என்றதும் எட்டு லட்சம் ஆகும் என்றார்கள். கோட்டுச்சேரியில் அவருக்கு இருந்த நிலம் குத்தகையில் இருந்தது. உடனே விற்று எடுக்க முடியாது. அவருக்கு இரண்டு பெண்கள்தான். மூத்தவளை நான் கட்டியிருந்தேன். இளையவளைக் கட்டியவர் திருநள்ளாறில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறார். எனக்குச் சகலை, என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. காரைக்காலில் ஒரே தனியார் வங்கிக் கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து இருவரும் நான்கு லட்சம் தனிநபர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டோம். வட்டி பதினான்கு சதவீதம், நான்கு வருடம், மாதம் 10,931 ரூபாய்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மாமனார் எழுந்து நடமாட ஆரம்பித்தபின் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "ரெண்டு மாப்ளைங்களும் சேர்ந்துதான் என்னக் காப்பாத்துனாங்க" என்பார். அந்த 'ரெண்டு' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதிலும் சகலையோடு நான் சமமாக நின்றதில்லை. நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். கோவில்பத்திலிருந்து பைக்கில் போய் வருகிறவன். அவருக்குச் சனிக்கிழமை ஒரு நாளில் வருகிற வாடகையைக் கேட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. கடனில் மட்டும் நாங்கள் ஒன்று. அவருக்கும் ஐந்தாம் தேதி, எனக்கும் ஐந்தாம் தேதி.

மூன்று வருடம் நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சகலை ஒரு படம் போட்டார். வங்கியின் கடிதம். கடன் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது, நிலுவை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே அவர் மனைவி மூன்று பூக்களைப் போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மாமனார் குரலைப் பதிவு செய்து அனுப்பினார்.

"ரொம்ப சந்தோஷம் மாப்ள. என் பாரம் பாதி எறங்கிருச்சு."

அலுவலகத்தில் ஃபைலைத் திறந்து வைத்தபடி அந்தக் குரலை நான்கு முறை கேட்டேன். பாதி இறங்கிவிட்டதாம். அப்படியானால் மீதிப் பாதி நான்தான். மூன்று வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவன், அன்று மத்தியானத்திலிருந்து ஒரு கிழவர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் பாரமாகிவிட்டேன்.

குரூப்பில் வாழ்த்து என்று ஒரு சொல் தட்டிவிட்டு வைத்தேன். அன்றிலிருந்து இரண்டு மாதம் எனக்கு வேறு நினைப்பில்லை. வங்கியின் ஆப்பைத் திறந்து அசல் பாக்கியைப் பார்ப்பேன், மூடுவேன். மனைவியிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். அவள் தங்கை போன் செய்தால் பக்கத்து அறையில் நின்று, கடனைப் பற்றி ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்டேன். அவர்கள் மாவு புளிக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் ஒரு இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன். "நாமளும் முடிச்சிடலாம். இன்னும் ஒரு வருஷம் கட்டணும். இப்பவே கட்டிட்டா வட்டி மிச்சம்."

"காசு?"

"சேமிப்புல அம்பத்திரண்டாயிரம் இருக்கு. உன் செயின வச்சா எழுபதாயிரம் கெடைக்கும். அசல் பாக்கி ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம்தான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தங்கச்சி வீட்டுக்காரர் முடிச்சதுக்காகவா?"

"சேச்சே. வட்டிக்காக."

செயினைக் கழற்றிக் கொடுத்தாள்.

பதினான்காம் தேதி காலையில் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கணக்கில் சரியாக 1,22,000 ரூபாய் இருந்தது. கடன் பிரிவில் தலையில் முக்காடிட்ட ஒரு இளம்பெண் அதிகாரி இருந்தார். உட்காரச் சொன்னார்.

"லோன முன்கூட்டியே முடிக்கணும்மா. 1,21,740 தானே? கணக்குல பணம் இருக்கு, எடுத்துக்கங்க."

அவர் திரையைப் பார்த்தார். "அது அசல் பாக்கி மட்டும் சார். முடிக்கிறதுன்னா மொத்தத் தொகை வேற. இருங்க, எழுதியே காட்டறேன்."

ஒரு தாளை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். அசல் பாக்கி 1,21,740. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் அதில் நான்கு சதவீதம், 4,869 ரூபாய் 60 காசு. அந்தக் கட்டணத்துக்கு மட்டும் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி, 876 ரூபாய் 53 காசு. ஐந்தாம் தேதி தவணை கட்டியபிறகு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாள் வட்டி 420 ரூபாய் சொச்சம். கூட்டிக் கோடு போட்டார். 1,27,906.

"நாலு சதவீதமா? நான் வாங்குன நாலு லட்சத்துக்கா?"

"இல்ல சார். இன்னிக்கு எவ்வளவு அசல் பாக்கி இருக்கோ அதுக்குத்தான். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கு."

கணக்கில் இருந்த 1,22,000-ஐ அந்தத் தொகையிலிருந்து மனதுக்குள் கழித்தேன். பணம் போதவில்லை. கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தாளைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு கணக்கு எழுதினார்.

"தப்பா நெனக்காதீங்க சார். உங்களுக்கு இன்னும் பன்னெண்டு தவணைதான். அப்படியே கட்டிக்கிட்டு வந்தா மொத்தம் 1,31,172. இன்னிக்கே முடிச்சா 1,27,906. மிச்சம் 3,266 ரூபாதான். ஆரம்பத்துல வட்டி அதிகமா போகும், முன்னாடியே முடிச்சா லாபம் தெரியும். கடைசி வருஷத்துல தவணைல பெரும்பகுதி அசல்தான். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

செயினுக்கு மாதம் ஐந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் வட்டி ஓடும் என்பது எனக்குத் தெரியும். ஆறே மாதத்தில் அந்த 3,266 காணாமல் போய்விடும். கணக்கு எழுதுவதே என் வேலை. எனக்குப் புரியாமல் இல்லை.

"முடிச்சிடுங்கம்மா" என்றேன்.

"ஏதாவது அவசரமா சார்? நாளைக்கு வந்தாக்கூட நாப்பத்தேழு ரூபா வட்டிதான் கூடும்."

அவசரம்தான். என்ன அவசரம் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்? என் சகலை ஒரு படம் போட்டார், நானும் ஒரு படம் போட வேண்டும் என்றா? வெளியே போய்ப் புங்கமர நிழலில் நின்று, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குப் போன் செய்து ஆறாயிரம் கடன் கேட்டேன். மகளுக்கு ஃபீஸ் என்று பொய் சொன்னேன். பத்து நிமிடத்தில் கணக்குக்கு அனுப்பினார். உள்ளே வந்து கையெழுத்துப் போட்டேன். கணக்கில் தொண்ணூற்று நான்கு ரூபாய் மிஞ்சியது.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். மாமனாரின் குரலுக்காகச் சாயங்காலம் வரை காத்திருந்தேன். கும்பிடு போடும் கை ஒன்று மட்டும் வந்தது. சகலைதான் போன் செய்தார்.

"அண்ணே, ஏண்ணே முடிச்சீங்க? சார்ஜ் போட்டிருப்பானே!"

"நீங்களும்தானே முடிச்சீங்க?"

"நான் வேற வழியில்லாம முடிச்சேண்ணே. லாட்ஜுக்கு மேல ஒரு மாடி கட்ட லோன் கேட்டேன். இந்தத் தவணை ஓடிக்கிட்டிருந்தா நான் கேட்ட தொகைய தரமாட்டேன்னாங்க. ஆறாயிரத்து அறுநூத்துச் சொச்சம் அழுதேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

மாடியா? எனக்குக் கட்டணம் மறந்துவிட்டது. இன்னும் ஒரு மாடி. எத்தனை அறை, அறைக்கு எவ்வளவு என்று அவர் பேசப் பேச மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் எங்கள் இரண்டு குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் இரண்டு கவர்களைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று நீட்டினார்.

"முன்னாடியே கட்டுனதுக்கு அபராதம் போட்டாங்களாமே? பொண்ணுங்க ரெண்டு பேரும் சொன்னாங்க. எனக்காக வாங்குன கடன். அதையாவது நான் குடுக்கறேன்."

"அபராதம் இல்ல மாமா, கட்டணம்" என்றேன்.

"என்ன எழவோ. வாங்கிக்கங்க மாப்ள."

சகலை வேண்டாம் வேண்டாம் என்றார். நானும் சொன்னேன். கடைசியில் இருவரும் வாங்கிக்கொண்டோம். கொல்லைப்பக்கம் கை கழுவப் போகிறவன்போல் போய்க் கவரைப் பிரித்து எண்ணினேன். 5,750 இருந்தது. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சகலையிடம், விளையாட்டாகக் கேட்பதுபோல், "உங்களுக்கு எவ்வளவு?" என்றேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். "ஆறாயிரத்து அறுநூத்து முப்பதுண்ணே."

நெஞ்சில் சுருக்கென்றது. எண்ணூற்று எண்பது ரூபாய் அதிகம். காரணமும் அந்த நொடியே தெரிந்தது. அவர் இரண்டு மாதம் முன்னால் முடித்தார். அன்று அவருடைய அசல் பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். பாக்கி பெரிதானால் நான்கு சதவீதமும் பெரிது. யார் எவ்வளவு கட்டினார்களோ அதைத்தான் பெரியவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இதைவிட நியாயமாக ஒருவர் நடந்துகொள்ள முடியாது. அத்தனையும் தெரிந்தும் அந்தச் சுருக்கு போகவில்லை. சின்ன மாப்பிள்ளைக்கு அதிகம், எனக்குக் குறைவு என்றே உள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது கவனித்தேன். டிவிக்குப் பக்கத்தில் மாமனாரின் மாத்திரைப் பெட்டிக்கு அடியில் சகலையின் கவர் இருந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். என் கவர் சட்டைப் பையில் கனத்தது. எனக்கு ஏன் இது முதலில் தோன்றவில்லை? அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுகிறவன்போல் நின்றுவிட்டு, உள்ளே போய் என் கவரையும் அதே பெட்டிக்கு அடியில் செருகினேன். நல்ல மனதோடு வைத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பைக்கில் திரும்பும்போது மனைவி பின்னால் இருந்து சொன்னாள். "பாத்தேன்."

"என்னத்த?"

"கவர வச்சத."

சிறிது தூரம் போனபின், "அப்பாவுக்கு ஒரே ஆபரேஷன்தாங்க நடந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் காசு குடுத்தீங்க. அதுல என்ன போட்டி?" என்றாள்.

செயினை மீட்க எட்டு மாதம் ஆயிற்று. வட்டி 4,433 ரூபாய். வங்கியில் மிச்சம் பிடித்த 3,266-ஐக் கழித்தால் ஆயிரத்துச் சொச்சம் என் கைநஷ்டம். செயினை மனைவியின் கையில் கொடுத்தபோது அந்தக் கணக்கை அவளிடம் மறைக்காமல் சொன்னேன், எதற்காக அப்படிச் செய்தேன் என்பதையும். "தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று போட்டுக்கொண்டாள்.

சகலையின் மாடி போன மாதம் முடிந்தது. ஆறு அறைகள். திறப்பு விழாவுக்குப் போய், படி ஏறி, ஒவ்வொரு அறையையும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. படி இறங்கும்போது அந்த ஆறு அறைகளை ஒரு சனிக்கிழமை வாடகையால் பெருக்கிப் பார்த்துவிட்டேன்.