உப்புக் குறைத்த ஊறுகாய்

பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் கற்பித்துக் கற்பித்தே என் தொண்டை வறண்டுபோயிருந்தது. ஓய்வு நாளிலும் அதையே பேச வேண்டுமென்றால் யாருக்குத்தான் அலுக்காது? அந்தச் சனிக்கிழமை பதுளையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, பெரகல சந்தியில் இறங்கி, மழையில் தொப்பலாக நனைந்து அக்காவின் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு வாய் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். உள்ளே போனதும் கண்ணில் பட்டது ஊறுகாய்ப் போத்தல். மூடி மேல்நோக்கி உப்பியிருந்தது.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படவிருந்தாள். மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மழையை மழையாகப் பார்ப்பதில்லை. அக்கா இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் அகலமாகும். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனி ஆள். சமதரையில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட வேண்டும், அதற்கு இரண்டு வருடம் குவைத் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்கும் பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

"அந்த ஊருச் சாப்பாடு வாயில வைக்க முடியாதாம்டி. ஒரு போத்தல் ஊறுகா இருந்தா எதையும் தின்னுட்டுக் கெடக்கலாம்" என்றாள்.

மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று வந்தது. கூடவே கள் வாடை. எண்ணெய்க்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த எலுமிச்சைத் துண்டுகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது.

"உப்பு எவ்வளவு போட்ட?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகுதான் விஷயம் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளிநாடு போக மெடிக்கல் பாஸாக வேண்டுமே. பயந்துபோய்க் குழம்பில் குறைத்தாள், ரொட்டியில் குறைத்தாள், அந்தக் கையோடு ஊறுகாயிலும் பாதியாகக் குறைத்துவிட்டாள். உப்பு போன இடத்துக்குச் சீனி இரண்டு கரண்டி.

"சீனியும் கெடாம வைக்கும்னு நீதான சொன்ன, டீச்சரம்மா?"

சொல்லித்தான் இருந்தேன், ஜாமைப் பற்றி. எனக்குச் சலிப்பாக வந்தது. ஈரத் துணியோடு குந்திக்கொண்டு மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

உப்பு ஒன்றும் விஷமில்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காயிலிருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது, கிருமியின் உடம்பிலிருக்கும் நீரையும் இழுக்கிறது. போத்தலில் எவ்வளவு சாறு இருந்தாலும் கிருமிக்குக் குடிக்கக் கிடைக்காது. சீனியும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் ஜாமில் போல அள்ளிக் கொட்டினால்தான். இரண்டு கரண்டி போட்டால் அது காவல் இல்லை, விருந்து. பாண் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டும் அதன் சொந்தக்காரர்களும் அதைத் தின்று வாயுவும் மதுசாரமும் ஆக்கிவிடும். அந்த வாயுதான் மூடியைத் தூக்கியது.

"எலுமிச்சம்புளி அம்புட்டு இருக்கே, அது கொல்லாதா?"

"பாக்டீரியா முக்கால்வாசி புளிப்புல வளராது. ஈஸ்ட்டுக்கும் பூஞ்சணத்துக்கும் புளிப்பு ஒரு பொருட்டே இல்ல."

"எண்ணெ?"

"எண்ணெ எதையும் கொல்லாது. காத்தைத்தான் மறைக்கும். பூஞ்சணத்துக்குக் காத்து வேணும், அதான் எண்ணெக்கு மேல நின்ன துண்டுல மட்டும் பூத்திருக்கு. ஈஸ்ட் காத்தில்லாமலும் பிழைச்சுக்கும்."

அவள் அந்த உப்பிய மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப வெள்ளப்பூடை உரிச்சு வெறும் எண்ணெயில போட்டுக் கொண்டு போறேன். உப்பும் வேணாம், புளியும் வேணாம்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காற்றில்லாத இடத்தில்தான் வளருவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு கிருமி இருக்கிறது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும். வாடையும் இருக்காது, நிறமும் மாறாது, ஆளையே முடித்துவிடும். நல்ல புளிப்பு இருந்தால் அது தலையெடுக்காது. அதனால்தான் பூண்டு ஊறுகாயை வினாகிரியில் ஊற வைக்கிறோம். "அங்க போய்ச் சாகறதுக்கா இவ்வளவு பாடு?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. பாவமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

கெட்டதைக் கொண்டுபோய்க் கொட்டிப் புதைத்தோம். மறுநாள் புதிதாக ஆரம்பித்தோம். வெயில் கிடையாது, மூட்டம்தான். கழுவிய காய்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, அடுப்புக்கு மேலிருந்த பரணில் சூடு படும்படி வைத்தோம். போன தடவை குழாயடியில் கழுவிய ஈரத்தோடே நறுக்கியிருக்கிறாள். அந்தத் தண்ணீரும் போட்ட கொஞ்ச உப்பை இன்னும் நீர்க்கச் செய்திருக்கும். போத்தலைக் கொதிக்க வைத்துக் காய வைத்தேன். நறுக்கிய காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கல்லுப்பு. அக்கா ஐயோ என்றாள்.

"ஊறுகாயில குறைக்காத அக்கா. தொட்டுக்கிறதுல குறை. நகக்கண்ணளவு போதும்."

அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி போனபோது காய்கள் தங்கள் சாற்றிலேயே மூழ்கிக் கிடந்தன. வறுத்துப் பொடித்த மிளகாயும் வெந்தயமும் சேர்த்து, காய்ச்சி ஆற வைத்த நல்லெண்ணெயைத் துண்டுகள் முழுக்க மறையும்வரை ஊற்றினேன். கை உளைந்தது. ஈரக் கரண்டி படக்கூடாது, எண்ணெய் இறங்கினால் மேலே ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா மருந்தைப் போட்டுக்கொண்டு மெடிக்கலில் பாஸாகிவிட்டாள். எனக்கு அதில் சந்தோஷமே இல்லை.

"ரெண்டு வருசம் தாங்குமா?" என்று பெட்டி கட்டும்போது கேட்டாள்.

"தாங்கும்."

"கெட்டுப்போச்சுன்னா அன்னைக்கே டிக்கெட் போட்டு வந்துருவேன், பாத்துக்க" என்று சிரித்தாள். போத்தலைப் பொலித்தீனால் சுற்றி, டேப் ஒட்டி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்தாள்.

அவள் போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். அந்த வீட்டம்மாவுக்கு ஊறுகாய் வாடை ஆகாதாம். அதனால் போத்தலைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, இரவு தனியாகச் சாப்பிடும்போது நகக்கண்ணளவு எடுப்பாளாம். முழங்கால் வலி, தூக்கமில்லை என்பாள். அடுத்த மூச்சில், "ஊறுகா அப்படியே இருக்குடி" என்பாள். அவள் வர வேண்டிய மாதத்தை நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்காக என் வீட்டில் ஒரு புது மெத்தையும் வாங்கிப் போட்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பேசியபோது குரல் தயங்கியது. "மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்கடி. வீட்டுக் கூரைக்குக் காசு இன்னும் காணாதுல்ல, சரின்னுட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"நீ கவலப்படாத. ஊறுகா இன்னும் அடியில கெடக்கு. தோலு பஞ்சு மாதிரி ஆயிருச்சு, ஆனா ஒரு பூஞ்சணம் இல்ல. நல்லாத்தான் போட்டுக் குடுத்திருக்க."

ஆமாம், நல்லாத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு, விரிப்பு விரிக்காத அந்த மெத்தையில் உட்கார்ந்தேன். உப்பில் ஒரு பிடியைக் குறைத்திருக்கலாமே என்று நினைத்து அழுதேன்.