தகட்டில் ஒற்றைப் புள்ளி

இறுதி வருடத்தில் நான் படித்ததைவிடக் களைத்ததுதான் அதிகம். சரவணையில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இன்னொன்று மாறி, பல்கலைக்கழகம் போய்ச் சேர எட்டரை தாண்டிவிடும். பின்னேரம் நாலே காலுக்கு ஆய்வுகூடத்தை விட்டு இறங்காவிட்டால் எங்கள் பக்கம் போகும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. நின்றுகொண்டு போவதைப் பற்றி மற்றவர்கள் பெரிதாக நினைக்க மாட்டார்கள். நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் நின்ற கால்களுக்குத்தான் கடலுக்கு நடுவால் தீவுக்குப் போகும் அந்தப் பாலம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

என்னுடைய ஆய்வுக்குச் சோடியாக வந்தவள் மண்டைதீவுக்காரி. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஒரே பஸ், ஒரே மேசை, ஒரே அறிக்கை. அவள் மெதுவாகத்தான் வேலை செய்வாள். ஒரு குடுவையைக் கழுவினால் மூன்று தரம் கழுவுவாள். எனக்கு அது எரிச்சல். "நீ இதைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள நான் ஊருக்குப் போய்த் திரும்பி வந்திடுவன்" என்று பகிடி பண்ணுவேன். அவள் சிரிப்பாளே தவிர வேகத்தைக் கூட்ட மாட்டாள்.

எங்கள் வேலை இரண்டு படி. முதலில் நப்தோலை, ஈரம் படக்கூடாத நீரிலி ஒன்றோடு சேர்த்து எசுத்தராக்க வேண்டும். அது என் பொறுப்பு. பிறகு அந்த எசுத்தரை அலுமினியம் குளோரைட்டோடு சூடாக்கி வேறொரு சேர்வையாக மாற்ற வேண்டும். அது அவள் பொறுப்பு. ஆய்வை வழிநடத்திய விரிவுரையாளர் சேர், எங்கள் இருவரில் கை சுத்தமாக இருக்கிறவருக்கு அடுத்த வருடம் தற்காலிகச் செய்முறை உதவியாளர் வேலைக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். இருவருக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. அதைப் பற்றி நாங்கள் பஸ்ஸில் கதைப்பதே இல்லை.

இரசாயனத் தாக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குடுவையை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஏலாது. அதற்குத்தான் ரீஎல்சி. சிலிக்கா பூசிய சின்னத் தகட்டின் அடியில் பென்சிலால் கோடு கீறி, மயிர்போன்ற கண்ணாடிக் குழாயால் கரைசலைத் தொட்டுப் புள்ளி வைக்க வேண்டும். எக்சேனும் கொஞ்சம் எதைல் அசற்றேற்றும் கலந்த கரைப்பானை ஊற்றி மூடிய முகவைக்குள் தகட்டை நிறுத்தினால் கரைப்பான் மேலே ஊறும், புள்ளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். சிலிக்காவை விடாப்பிடியாகப் பிடிக்கிற சேர்வை கீழே நிற்கும், பிடிக்காதது மேலே போகும். எடுத்தவுடன் கரைப்பான் எட்டிய உயரத்தைக் குறித்துவிட்டு, காய்ந்த பிறகு யூவி விளக்கின் கீழ்ப் பார்த்தால் பச்சை ஒளியில் கறுப்பாகப் புள்ளிகள் தெரியும். எங்கள் தாக்கத்தில் நப்தோல் கீழே, எசுத்தர் மேலே. நேரம் போகப் போக கீழ்ப்புள்ளி மங்கி மேல்புள்ளி கறுக்க வேண்டும். கீழ்ப்புள்ளி இல்லாமல் போனால் தாக்கம் முடிந்தது.

எங்கள் ஆய்வுகூடத்தில் தகடுகளுக்குப் பஞ்சம். ஒரு பெட்டி வந்தால் அதை எல்லாக் குழுக்களும் பங்கிட வேண்டும். அதனால் தகட்டை விரல் அகலத்துக்கும் குறைவாக வெட்டி, ஒரு தகட்டில் ஒரே ஒரு புள்ளி வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. காலையில் நப்தோலுக்கு ஒன்று, பின்னேரம் தாக்கக் கலவைக்கு ஒன்று. உயரத்தை அளந்து, கரைப்பான் போன தூரத்தால் பிரித்து, இரண்டு எண்களையும் கொப்பியில் ஒப்பிடுவோம். சிக்கனம் என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்றைக்குக் காலையில் நப்தோல் புள்ளி 0.3 இல் நின்றது. முந்தைய வருட அறிக்கையில் எசுத்தருக்கு 0.55 என்று போட்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முகவையின் மூடி சரிந்து கிடந்தது. வெக்கையில் கரைப்பான் பாதி ஆவியாகிவிட்டது. எக்சேன் போத்தலைத் தூக்கினால் அதுவும் வெறும் போத்தல். களஞ்சியத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்து வாங்க அரை மணித்தியாலம் போகும். பக்கத்தில் எதைல் அசற்றேற்று இருந்தது. ஒரு தகட்டுக்குத்தானே என்று அதை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரி செய்தேன்.

மூன்றரைக்குத் தாக்கக் கலவையிலிருந்து புள்ளி வைத்தேன். யூவியின் கீழ் 0.3 இல் ஒன்றுமில்லை. 0.52 இல் வட்டமாக, வால் இல்லாமல், ஒரே ஒரு புள்ளி. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அவள் மட்டும் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நப்தோலையும் பக்கத்தில வைச்சு இன்னொருக்காப் போட்டுப் பாப்பமடி."

"காலமை பாத்தனாங்கள் தானே. தகட்டை வீணாக்காத."

"அகலமா ஒண்டு வெட்டினாக் காணும். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்தில பஸ் போயிடும். நீ வேணுமெண்டா நில், நான் போறன்."

அவள் நிற்கவில்லை. கலவையைப் பனிக்கட்டித் தண்ணீரில் ஊற்றினேன். வெள்ளைத் திண்மம் அழகாக விழுந்தது. வடித்துக் காய வைத்துவிட்டு ஓடினோம். உருகுநிலை பார்க்கும் கருவி அப்போது பழுது. கொப்பியில் எழுதினேன்: தாக்கம் பூர்த்தி, ரீஎல்சியில் ஒற்றைப் புள்ளி, விளைவு தூய்மையானது. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அடுத்த கிழமை அவள் தன் படியைச் செய்தாள். வரவேண்டிய சேர்வை வரவில்லை. அவளுடைய தகட்டில் நப்தோல் புள்ளி மட்டும் நின்றது, அடியில் மண்ணிறமாகக் கொஞ்சம் அழுக்கு. சேர் தகட்டைப் பார்த்தார்.

"அலுமினியம் குளோரைட்டை எவ்வளவு நேரம் திறந்து வைச்சிருந்தனீர்?"

"உடன மூடிப்போட்டன் சேர்."

"உள்ளுக்க ஈரம் போயிருக்கு பிள்ளை. எசுத்தர் உடைஞ்சு திரும்ப நப்தோலா வந்திருக்கு. இவ்வளவு ஆறுதலா வேலை செய்தும் கவனமில்லை எண்டா என்ன செய்யிறது?"

சுற்றி நின்ற மற்றக் குழுக்கள் தங்கள் குடுவைகளைக் குனிந்து பார்த்தார்கள். போகும்போது சேர் என்னிடம் மட்டும், "உம்மட பகுதி சரி, அதை வடிவா எழுதும்" என்றார். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. உதவியாளர் வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிடமே மனம் கணக்குப் போட்டுவிட்டது.

திங்கட்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அறிக்கைக்குத் துப்புரவான தகடு ஒன்றின் படம் வேண்டும் என்பதால் மிஞ்சியிருந்த என் எசுத்தரை எடுத்தேன். அவள் அன்றைக்கு வரவில்லை, வீட்டில் ஏதோ வேலை. புது எக்சேன் வந்திருந்தது. படத்துக்கு என்பதால் தகட்டை அகலமாக வெட்டினேன். இடப்பக்கம் நப்தோல், வலப்பக்கம் என் எசுத்தர், நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் ந, இ, எ என்று பென்சிலால் எழுதினேன்.

யூவியின் கீழ்ப் புள்ளிகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். மூன்றும் ஒரே உயரத்தில் நின்றன. நடுப்புள்ளி பிரியவில்லை, நீளவுமில்லை. வேறு சேர்வையாக இருந்தால் நடுவில் இரண்டு புள்ளி தெரிந்திருக்கும். கரைப்பானை மாற்றி இன்னொன்று போட்டேன். அதிலும் அதே கதைதான்.

நான் எசுத்தர் என்று பெயரெழுதி வைத்தது நப்தோலேதான். நீரிலிப் போத்தல் பழசு, மூடி இறுகாதது. காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்து எப்போதோ வெறும் அமிலமாகியிருக்க வேண்டும். தாக்கம் நடக்கவே இல்லை. நான் ஊற்றிய எதைல் அசற்றேற்று கரைப்பானின் முனைவை, அதாவது இழுக்கும் வலுவை, ஏற்றிவிட்டது, அதனால் நப்தோல் 0.3 இலிருந்து 0.52 க்கு ஏறிப் போனது. நான் அதைப் புதுச் சேர்வை என்று வாசித்தேன். ஒற்றைப் புள்ளி, அந்தக் கரைப்பானில் பிரியக்கூடிய வேறொன்று அதில் இல்லை என்பதை மட்டும்தான் சொல்லும். அது எது என்று சொல்லாது. அதைப் பக்கத்தில் நிற்கிற புள்ளியிடம்தான் கேட்க வேண்டும். முதலாம் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தது இது.

அவளுடைய அலுமினியம் குளோரைட்டில் ஒரு பிழையும் இல்லை. நான் கொடுத்த நப்தோலை அவள் அப்படியே எனக்குத் திருப்பித் தந்திருக்கிறாள்.

உடனே சேரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு தகடுகளையும் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். செவ்வாய் சேர் கூட்டத்தில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன் தலையிடி. வியாழன் சொல்லத்தான் போனேன், அவருடைய கதவு திறந்திருந்ததைக் கண்டு திரும்பி வந்தேன். அந்த நாட்களில் அவள் என் பக்கத்தில்தான் இருந்து பயணம் செய்தாள். தன் பகுதியில் என்ன எழுதுவது என்று ஒருமுறை கேட்டாள். "சேர் சொன்னதை எழுது" என்றேன். சொன்ன பிறகு பாலம் முடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு கேவலமான களைப்பு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. நித்திரை கொண்டால் போகிற களைப்பில்லை அது.

வியாழன் வீட்டில் அறிக்கையைத் திறந்தால் 'விளைவு தூய்மையானது' என்ற வரியைத் தாண்டிக் கை போக மறுத்தது. அதை வெட்டினேன். கரைப்பானை நான் மாற்றியது, நப்தோலைப் பக்கத்தில் வைக்காதது, திங்கட்கிழமைத் தகடு, இரண்டாம் படியின் தோல்விக்குக் காரணம் முதல் படிதான் என்பது, எல்லாவற்றையும் எழுதினேன். வெள்ளி காலை சேரின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இதை எப்ப கண்டுபிடிச்சனீர்?"

"திங்கட்கிழமை சேர்."

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அந்தப் பிள்ளையை வரச் சொல்லும். நான் அவவிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். அவள் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறிய பிறகு நான் தொடங்கினேன். பழைய நீரிலி, எதைல் அசற்றேற்று, பஸ்ஸுக்கு ஓடியது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே தன் கொப்பியைத் திறந்து, தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு தகட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். அகலமான தகடு. ஒரே உயரத்தில் பென்சிலால் வட்டமிட்ட மூன்று புள்ளிகள். அடியில் என் கையெழுத்தில் ந, இ, எ.

"செவ்வாய்க்கிழமை காலமை கூடைக்க கிடந்தது" என்றாள். "நீ சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் நான் சேரிட்டப் போகேல்லை."

மண்டைதீவுச் சந்தியில் பஸ் நின்றது. அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"ஆனா நாலு நாள் எடுப்பாய் எண்டு நான் நினைக்கேல்லையடி."