தேதியை மறைத்த உள்ளங்கை

இன்று அலுவலகத்தில் தேதிப் பத்தி காலியாக ஓர் எக்செல் கோப்பு வந்தது. தாத்தாவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அவர். தபால் நிலையப் பேரேடுகளிலிருந்து தனக்கென நகலெடுத்த ஏட்டைப் படிக்கச் சொல்லித்தருவார். என் சின்ன வயதில் ஒருநாள், ஒரு பக்கத்தின் தேதியைக் கையால் மூடிக்கொண்டார்.

"எந்த மாசம்னு சொல்லு பாப்பா. சரியாச் சொன்னா வேளாங்கண்ணிக் கடலுக்குப் போலாம்."

மணியார்டர் பக்கத்தில், அந்தத் தேதியில் பட்டுவாடா ஆகாதவற்றுக்கு எதிரே எல்லாம் 'கதவு பூட்டு' என்றிருந்தது.

"எல்லாரும் வயல்ல இருக்காங்க. அறுப்பு. ஜனவரி."

"அவசரக்குடுக்கை. சேமிப்புக் கணக்குப் பக்கத்தையும் பாரு."

யாரும் பணம் போட்டிருக்கவில்லை, எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அறுத்து விற்றவர்கள் போடுவார்களே?

"சம்பா நடவுச் செலவு, தாத்தா. அக்டோபர்."

கையை எடுத்தார். அக்டோபரேதான்.

"கடலுக்கு எப்பப் போறோம்?"

"நம்ம வயல்ல நடவு முடியட்டும்."