ஆட வராத பி.ஒய்.இ. அணி

"பி.ஒய்.இ.ன்னா எந்த டீமு தம்பி?"

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "பேசின் பிரிட்ஜ் யூத் லெவன்" என்று சொல்லிவிட்டேன். அதை எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பரீட்சையில் அந்த வேகம் வந்ததில்லை.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் எங்கள் ராயபுரம் கால்பந்து அணியின் கோல்கீப்பர். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. எப்போதோ தடுத்த ஒரு பந்தால் அவருடைய சுண்டுவிரல் கோணிப்போயிருக்கும். டீ கிளாஸைப் பிடிக்கும்போதும் அது தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் வேறு ஒரு இளைஞனைக் கோலில் நிறுத்துவது என்று அணியில் முடிவாகியிருந்தது. "இந்த ஒரு தபா நின்னுட்டு வந்துடறேன்" என்று மனைவி ஹில்டாவிடம் அனுமதி வாங்கியிருந்தார். அவருக்கு அதுதான் கடைசிப் போட்டி.

போட்டியில் சேர்ந்தவை ஏழு அணிகள். போட்டியை நடத்திய செயலாளர் பக்தவச்சலம் ஐயா சீட்டுக் குலுக்கி, யாரோடு யார் மோதுவது என்று கரும்பலகையில் கிளை கிளையாகக் கோடு போட்டு எழுதினார். தோற்றால் வெளியே, ஜெயித்தவர் அடுத்த கோட்டுக்குப் போகலாம். பலகையின் கீழே இரண்டு மைதானங்களின் பெயரையும், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதையும் குறித்தார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பலகை வேண்டும் என்பதால், ஸ்டுடியோக்காரர் ஒருவரை வைத்து அதைப் படம் பிடித்தார். அந்தப் போட்டோவை என்னிடம் கொடுத்து, "சும்மாத்தானே இருக்கே, இதைப் பார்த்து அட்டவணை போட்டு ஒட்டிடு" என்று சொல்லிவிட்டு, அக்கா வீட்டு விசேஷத்துக்கு அரக்கோணம் போய்விட்டார்.

போட்டோ தபால் கார்டு அளவுதான். அணிகளின் பெயரெல்லாம் ஆங்கில முதலெழுத்துகளில் இருந்தன. எங்கள் அணிக்கு எதிரே மூன்று எழுத்துகள்: B, Y, E. பக்கத்தில் சாக்பீஸ் தூள் சிதறியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த எனக்கு அந்தத் தூள் ஒவ்வொன்றும் முற்றுப்புள்ளியாகத் தெரிந்தது. அது போதாதென்று, முதல் வாரத்துக்கு இரண்டு மைதானம், சனியும் ஞாயிறும் மாலை நான்கு மணி என்று மொத்தம் நான்கு வேளைகள் இருந்தன. என் கணக்கில் நான்கு ஆட்டங்கள். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இவ்வளவு அழகாகப் பொருந்துவது தப்பாக இருக்குமா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ராயபுரத்தில் எங்கள் அணியும் பி.ஒய்.இ.யும் மோதும் என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் பக்கத்து அரையிறுதி, ஞாயிறு மற்றது. நகலெடுத்து டீக்கடைகளில் ஒட்டினேன்.

பேசின் பிரிட்ஜ் யூத் லெவனுக்கு அதன்பின் என் உதவியே தேவைப்படவில்லை. தானாக வளர்ந்தது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு இரண்டு காலாலும் அடிப்பானாம். அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டு, கம்பம் சாய்ந்ததாம். நேரில் பார்த்தவர்கூட ஒருவர் கிடைத்தார். ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் வேலைக்குப் போகுமுன் கோடவுன் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்துப் பழகினார்.

அந்த வாரம் அவருக்கு மாலை ஷிப்ட். சனிக்கிழமை ஆடுவதற்காகக் கூட வேலை செய்யும் பரசுராமனிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டார். பதிலுக்கு அடுத்த சனிக்கிழமை பரசுராமனின் மாலை ஷிப்டை இவர் பார்க்க வேண்டும். அன்று பரசுராமன் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் அணியின் பதினொரு பேரும் மைதானத்தில் நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ரெஃபரியும் வரவில்லை. "நம்மளப் பாத்து பயந்துட்டானுங்க" என்றான் ஒருவன். கைதட்டினோம். அப்போது அரக்கோணத்திலிருந்து திரும்பிய பக்தவச்சலம் ஐயா, டீக்கடையில் அட்டவணையைப் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"யார்றா அது பேசின் பிரிட்ஜு? ஏழு டீமுக்கு எட்டு எடம். காலி எடத்துல 'பை'ன்னு எழுதினேன். உங்களுக்கு ஆட்டமே இல்ல, நேரா அரையிறுதி. மிச்சமாற வேளைய டிரா ஆனா திருப்பி ஆடறதுக்குன்னு வெச்சிருந்தேன். அதுலயும் மண்ணப் போட்டே."

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். "'பை'யா? 'பை' கெடைக்கறது இன்னான்னு எனக்குத் தெரியுமே தம்பி. எத்தினி தபா கெடைச்சிருக்கு. அத்த நீ ஒவ்வொரு எழுத்தா படிச்சா எனக்கு இன்னா புரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். இல்லாத ஆட்டத்துக்காக ஷிப்டை மாற்றியாயிற்று. இருக்கிற அரையிறுதி நடக்கும் நேரத்தில் அவர் வின்ச்சில் நிற்க வேண்டும்.

"பரசுராமன கேட்டுப் பாக்கலாமா அண்ணே?"

"தங்கச்சி நிச்சயத்துக்கு அண்ணன் இல்லாம இருப்பானா? வாக்கு குடுத்தாச்சு. வுடு."

அண்ணன் வீட்டில் ஹில்டா அக்கா என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வாங்க இங்கிலீஷ் தொரை" என்றார். அவ்வளவுதான்.

மறுபடி போட்டோவை எடுத்தேன். இந்த முறை பெயர்களைப் பார்க்கவில்லை, கோடுகளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு முதல் சுற்று முடிந்தால் இரண்டு அரையிறுதிக்கும் ஆட்கள் தயார். எது முன்னால் நடந்தாலும் ஒன்றுக்காக மற்றது காத்திருக்கத் தேவையில்லை. இறுதி ஆட்டமோ அதற்கும் அடுத்த ஞாயிறு. ஆகவே மைதானத்தை மாற்றாமல் இரண்டின் கிழமையை மட்டும் மாற்றிப் போடலாம். "நாலு டீமும் ஒத்துக்கிட்டா செய்" என்றார் பக்தவச்சலம் ஐயா.

திங்கட்கிழமை சைக்கிளை எடுத்தேன். மற்ற அரையிறுதியில் தண்டையார்பேட்டையும் எண்ணூரும். தண்டையார்பேட்டைக்காரர்கள் சிரித்து முடித்துவிட்டுச் சம்மதித்தார்கள். எண்ணூர் கேப்டன் தாமஸ் வலையை உதறிக்கொண்டே, "சனிக்கெயம மதியமே கரைக்கு வந்துடுவோம், பரவால்ல. இந்த தபா நெஜமான டீமுதான?" என்றார்.

மிச்சம் வியாசர்பாடி. எங்களோடு மோதப் போகிற அணி. அதன் கேப்டன் மனோகரன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்க கீப்பரு இல்லேன்னா எங்களுக்குத்தான லாபம். அத்த நான் ஏன் மாத்தணும்?"

நான்கு மைல் சைக்கிள் மிதித்து வந்தவன் இந்தக் கேள்வியை யோசிக்கவே இல்லை. "தெரியலண்ணே" என்றேன். அந்த மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான்.

மனோகரன் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார். "போன வருசம் நான் அடிச்ச பெனால்டிய அந்தாளு புடிச்சிட்டாரு. ஊரே சிரிச்சிச்சு. வேற எவனாவது நிக்கிற கோல்ல போட்டு எனக்கு இன்னாத்துக்கு? ஞாயித்துக்கெயமயே வெச்சுக்க."

சனிக்கிழமை ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் பரசுராமனுக்காக வின்ச்சில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மாலை கோலில் நின்றார். ஹில்டா அக்கா கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாய்ந்தும் புரண்டும் அண்ணன் எத்தனையோ பந்துகளைத் தடுத்தார். ஆட்டம் முடிகிற நேரத்தில் மனோகரன் தலையால் முட்டிய பந்து அந்தக் கோணல் விரலை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. தோற்றோம்.

அண்ணன் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து, துடைத்து, மனோகரனின் கையில் கொடுத்தார்.

"ஆச்சா மாமு?"

"ஆச்சு மாமு. நல்லா நின்ன."

"நின்னேன்ல?" என்றார் அண்ணன். பிறகு ஹில்டா அக்காவைத் திரும்பிப் பார்த்து, "நின்னேன்ல?" என்று மறுபடி கேட்டார். அக்கா தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து, "சோறு ஆறிப்போவுது, நீயும் வா" என்றார்.

உங்கள் பகுதியில் யாராவது போட்டி அட்டவணை போட உட்கார்ந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். என் பெயரை விட்டுவிட்டால் எனக்கு வருத்தமில்லை. ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.