சராசரித் தண்ணீர்

நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பியும் குழாயுமாக இருப்பவரை எல்லோரும் ‘சொட்டு அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படித்தான், அளந்துதான் விழும்.

பக்கத்து ஊரில் பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளோரைடு கலக்கும் இயந்திரம் வந்ததிலிருந்து நகராட்சித் தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கேயும் ஒன்று வந்தாக வேண்டும். கல்வெட்டில் தன் பெயரைக்கூடச் செதுக்கியாகிவிட்டது. தேவைச் சான்றில் அக்காவின் கையெழுத்துதான் பாக்கி.

ஆதாரமாக ஒரு பள்ளிக் கணக்கெடுப்பு இருந்தது. ஊரின் மேட்டுப் பகுதிப் பள்ளியில் நூற்றுக்கு எழுபது பிள்ளைகளுக்குச் சொத்தையாம். அதனால் அங்கே வாராவாரம் ஃப்ளோரைடு நீரில் வாய் கொப்பளிப்பும் உண்டு.

அந்தக் கணக்கெடுப்பில் இருந்த ‘பழுப்புப் புள்ளி’ என்ற சொல்லில் அக்காவின் கண் நின்றது. அவர் மேட்டில் பிறந்தவர். அவருடைய முன்பற்களும் பழுப்புதான். கணக்கெடுத்தவர்கள் இரண்டு நாள் பயிற்சியோடு வந்து, கறையை எல்லாம் சொத்தை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவரே போய் நீர் எடுத்துவந்தார். ஆற்றுக் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். மேட்டு ஆழ்துளைக் கிணற்றில் 2.1. ஒன்றரைக்கு மேல் போகவே கூடாது.

கூட்டத்தில் சொன்னதும் பொறியாளர் கால்குலேட்டரைத் தட்டினார்.

“ரெண்டையும் கூட்டி வகுத்தா 1.15தான் வருது. ஒரு ஆபத்தும் இல்ல.”

“சராசரித் தண்ணிய யாரும் குடிக்கறதில்லைங்க சார்.”

தலைவர் முகம் சிவந்தது. “கையெழுத்து போடறியாம்மா, இல்ல வேற ஊருக்கு மாத்தட்டுமா?”

 அக்காவுக்குப் பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் பேனாவை மூடினார். “பல் டாக்டரக் கூட்டிவந்து பாத்துட்டு மாத்துங்க ஐயா.”

பல் டாக்டர் மேட்டுப் பள்ளியிலும் ஆற்றங்கரைப் பள்ளியிலும் பார்த்தார். மேட்டில் நிஜமான சொத்தை நூற்றுக்கு எட்டு. மற்றதெல்லாம் ஃப்ளோரைடு மிகுந்ததால் வந்த கறை. ஆற்றங்கரைப் பள்ளியில்தான் நாற்பது. இயந்திரத்தால் பலன் உண்டு, ஆனால் பற்பசையிலேயே ஃப்ளோரைடு வந்துவிட்ட காலத்தில் முன்னளவு இல்லை என்றார். இத்தனை சிறிய ஊருக்கு வருடா வருடம் மருந்தும் ஆளும் கட்டுப்படியாகாது. ஆற்றங்கரைப் பிள்ளைகளின் பற்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு பூச்சு பூசினால் போதும். மேட்டுக்கு வேண்டியது ஆற்றுக் குழாய்.

“அப்ப என் கல்வெட்டு?” என்றார் தலைவர்.

“குழாய்க்கும் கல்வெட்டு வைக்கலாங்க,” என்றார் அக்கா.

அந்த ஒரு வாக்கியம் அத்தனை ஆதாரமும் செய்யாததைச் செய்தது. ஏழே மாதத்தில் மேட்டுக்குக் குழாய் வந்தது.

திறப்பு விழாவில் புகைப்படக்காரர், பிள்ளைகளை வாயை மூடிச் சிரிக்கச் சொன்னார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அக்காவின் முந்தானையை இழுத்தாள்.

“இந்தத் தண்ணிய குடிச்சா என் பல்லு வெள்ளையாயிடுமாக்கா?”

 அக்காவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“உனக்கு ஆகாதுடா கண்ணு, முளைச்ச பல்லுல கறை போகாது. உன் தம்பிப் பாப்பாவுக்கு வெள்ளையா முளைக்கும்.”

 சிறுமி அக்காவின் வாயை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “உங்களுக்கு ஏன்க்கா யாரும் குழாய் போடல?”