கும்பிடும் காட்சி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன இடத்தில் அவளுக்கு ‘வீடியோக்காரி’ என்றே பெயர். அன்று, வாடகை அறையில் சாமி மூலை அமைப்பது எப்படி என்று படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்; அதனால் சாமி படம் புத்தக அலமாரியின் மேல்தட்டில். ஊதுபத்தி கொளுத்தினால் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் பேட்டரி விளக்கு மட்டும். எல்லாம் நன்றாக வந்தது. கும்பிடும் காட்சிதான் சரியாக அமையவில்லை. திரும்பத் திரும்பக் கை கூப்பினாள்.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அறைத்தோழிக்கு ஆர்வம் தாங்கவில்லை. “ஏன்டி, இத்தனை தடவை கும்பிட்டியே, அப்படி என்னதான் வேண்டிக்கிட்ட?”

எதுவுமே வேண்டவில்லை! அவளுக்குச் சுருக்கென்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிஜமாகவே கும்பிட்டாள்.

கண்ணை மூடியதும் மனசு முந்திக்கொண்டது: “சாமி, இந்த வீடியோவை நாலு பேராவது பார்க்கணும்.”